கிராம சபையும் ஊராட்சி மன்றமும் ஒன்றா? மன்றம் இல்லாத நேரத்தில் போட்ட தீர்மானம் செல்லுமா?

மேற்குத்தெரு
வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன ஊராட்சி எங்களுடையது. மக்கள்தொகை 2,600 சொச்சம். இந்த 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தலைவர், வார்டு உறுப்பினர்கள் எல்லாருக்கும் பதவிக்காலம் முடிந்துவிட்டது. இப்போது ஒன்றிய அலுவலகத்து பி.டி.ஓ.தான் தனி அலுவலர்.

மே 1 கிராம சபையில் எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாயை நீட்டித்துத் தரச் சொல்லித் தீர்மானம் போட்டோம். 120 பேருக்கு மேல் கையெழுத்து. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கீழத் தெருவில் சிமெண்ட் சாலைக்கு ஜல்லி கொட்டுகிறார்கள். கேட்டால், "மன்றமே இல்லாதபோது உங்கள் தீர்மானத்தை யார் நிறைவேற்றுவது, தேர்தல் வரட்டும்" என்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். மன்றம் போனால் கிராம சபையும் போய்விடுமா? இரண்டும் ஒன்றா, வேறா?

இளையவன்_திருச்சி
வேறுதான் தோழர். கிராம சபை மன்றத்துக்கும் மேலே. கிராம சபைத் தீர்மானம் பாராளுமன்றத் தீர்மானத்துக்குச் சமம், கோர்ட்டே மாற்ற முடியாது. தலைவரையே நீக்குகிற அதிகாரம் சபைக்கு உண்டு. அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த பி.டி.ஓ. மீது கலெக்டரிடம் புகார் கொடுங்கள்.

சென்னைவாசி
எனக்கும் இதில் ஒரு சந்தேகம். எனக்கு ஊரில் மூன்று ஏக்கர் நிலம், வீடு, வீட்டு வரி ரசீது எல்லாம் இருக்கிறது. ஓட்டு மட்டும் வேளச்சேரியில். போன ஜனவரி 26 கூட்டத்தில் பேச எழுந்தபோது, "நீங்கள் உறுப்பினர் இல்லை" என்று உட்கார வைத்துவிட்டார்கள். வரி கட்டுகிறவனுக்குப் பேச உரிமை இல்லையா?

பழைய_ஒன்றியம்
ஒன்றிய அலுவலகத்தில் ஊராட்சிப் பிரிவில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் யார் உறுப்பினர் என்பது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 3-ன்படி அந்த ஊராட்சிக்கான வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, யாரும் நியமிக்கவும் முடியாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைக்கு ஓட்டு ஊரில் இருந்தால் அவர் உறுப்பினர். சென்னைவாசி ஐயாவுக்கு நிலமும் வரி ரசீதும் இருந்தாலும் ஓட்டு வேளச்சேரியில் இருப்பதால் உறுப்பினர் இல்லை. சபை அனுமதித்தால் கருத்துச் சொல்லலாம், உரிமையாகக் கேட்க முடியாது.

ஊராட்சி மன்றம் அப்படியில்லை. 5 முதல் 15 வரை வார்டு உறுப்பினர்கள், அவர்களோடு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவர். உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். ஆயுள் 5 வருடம்.

இதில்தான் மேற்குத்தெருவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. மன்றத்துக்குப் பதவிக்காலம் உண்டு, முடியும், கலைக்கவும் படலாம். வாக்காளர் பட்டியல் இருக்கிறவரை கிராம சபை இருக்கும். அதற்குக் காலாவதியே கிடையாது. 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்து 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. நடுவில் மூன்று வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சிதான். அப்போதும் கிராம சபை கூடியது.

தனி அலுவலர் வந்து உட்காருவது மன்றத்தின் நாற்காலியில். சபையின் இடத்தில் இல்லை. மன்றம் செய்ய வேண்டிய வேலையை இன்று அவர் செய்ய வேண்டும். ஆகவே "யார் நிறைவேற்றுவது" என்ற கேள்விக்குப் பதில் அந்த அலுவலரேதான். தேர்தல் வரட்டும் என்பது தட்டிக்கழிப்பு.

தென்காசிக்காரன்
பதவிக்காலம் முடிந்துவிட்டது என்கிறீர்கள், எங்கள் ஊரில் தலைவர் இருக்கிறாரே? செக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். சட்டவிரோதமா?

பழைய_ஒன்றியம்
இல்லை தம்பி. 2019 டிசம்பர் தேர்தல் 27 மாவட்டங்களுக்கு மட்டும். மாவட்டம் பிரித்த பகுதிகளான தென்காசி, திருநெல்வேலி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் நடந்தது. உங்கள் தலைவருக்கு 2026 அக்டோபர் வரை காலம் இருக்கிறது.

இளையவன் சொன்னதில் பாதி சரி. கிராம சபை அரசியல் சட்டத்தில் இருப்பது உண்மை. 73-வது திருத்தம் வழியாக வந்த 243 மற்றும் 243-ஏ. ஆனால் 243-ஏ சொல்வது, சபைக்கு என்ன அதிகாரம் என்பதை மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்பதுதான். பாராளுமன்றத்துக்குச் சமம் என்றோ கோர்ட் தொட முடியாது என்றோ எங்கும் இல்லை. மேடையில் கைதட்டு வாங்கும் வசனம் அது. அதை நம்பி மனு எழுதினால் முதல் பத்தியிலேயே நம் பக்கம் பலவீனமாகிவிடும்.

தலைவரை நீக்குவதும் தமிழ்நாட்டில் சபையின் கையில் இல்லை. பிரிவு 205-ன்படி கலெக்டர் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்பார். திருப்தி இல்லை என்றால் தாசில்தார் மூலம் மன்றத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தை அறிவார். அப்புறம் முடிவெடுப்பது கலெக்டர். இந்த நடைமுறையில் கிராம சபைக்கு இடமே இல்லை.

இளையவன்_திருச்சி
ஐயா, அப்படியென்றால் சபைக்கு என்னதான் அதிகாரம்? டீ, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வருவதற்கா? அரிட்டாபட்டியில் கிராம சபைத் தீர்மானத்தால்தானே டங்ஸ்டன் சுரங்கமே நின்றது?

வார்டு_நான்கு
நான் 2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை வார்டு உறுப்பினராக இருந்தேன். மன்றத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன், சட்டத்தை அண்ணன் சொல்லட்டும்.

பணம் மன்றத்தின் வழியாகத்தான் வெளியே போகும். வீட்டு வரி போடுவது, குடிநீர் இணைப்பு கொடுப்பது, தெருவிளக்கு, சாக்கடை, எந்த வேலையை யாரிடம் கொடுப்பது, பில்லைப் பாஸ் பண்ணுவது எல்லாம் மன்றம். தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடாமல் பணம் எடுக்க முடியாது. எங்கள் ஊரில் இருவருக்கும் ஆகாமல் போய் நாலு மாதம் மோட்டார் ரிப்பேர் பில்கூடக் கொடுக்க முடியவில்லை. கிராம சபையில் 200 பேர் உட்கார்ந்து கத்தினார்கள். அந்த 200 பேரால் ஒரு செக்கில் கையெழுத்துப் போட முடியுமா? முடியாது.

ஆனால் அதே சபையில் வரவு செலவு பிளக்ஸ் போர்டை ஒரு பாட்டி கைகாட்டி, "தெருவிளக்கு வாங்கினதா எழுதியிருக்கே, எங்க தெருவுல எது அந்த விளக்கு?" என்று கேட்டார்கள். தலைவருக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மன்றக் கூட்டத்தில் நாங்கள் ஒன்பது பேரும் அந்தப் பில்லைப் பாஸ் பண்ணியிருந்தோம், ஒருவரும் கேட்கவில்லை. சபை எதற்கு என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

பழைய_ஒன்றியம்
வார்டு நான்கு சொன்ன இரண்டும்தான் விஷயம். பிரிவு 3 சபைக்குக் கொடுப்பது நாலு வேலை. ஊராட்சியின் திட்டத்துக்கு ஒப்புதல், பட்ஜெட்டுக்கு ஒப்புதல், தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல், நடக்கிற திட்டங்களின் முன்னேற்றத்தை ஆய்வு செய்வது. செலவு செய்கிற கை மன்றத்துடையது. எதற்குச் செலவு என்று முன்கூட்டிச் சம்மதம் சொல்வதும், செய்த பிறகு கணக்குக் கேட்பதும் சபையுடையது. 100 நாள் வேலையின் சமூகத் தணிக்கையும் சபையில்தான்.

அரிட்டாபட்டியைப் பற்றி. 2024 நவம்பர் 23 அன்று மேலூர்ப் பக்கத்துக் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சுரங்க ஏலத்தை ரத்து செய்யும் அதிகாரம் சபைக்கு இல்லை. ஊரே எதிர்க்கிறது என்பதை மறுக்க முடியாத பதிவாக்கியது அந்தத் தீர்மானம், அது அரசை அசைத்தது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை எத்தனை முறை தீர்மானம் போட்டிருக்கிறது? அங்கே நில எடுப்பு வேலை நிற்கவில்லை. இரண்டு ஊரிலும் சட்டப்படி அதே தீர்மானம், அதே எடைதான்.

மலைப்பாதை
இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். நான் ஈரோடு மாவட்ட மலைப்பகுதி. வன உரிமைச் சட்டம் 2006-ன் கீழ் கூடும் கிராம சபை நீங்கள் பேசும் சபை இல்லை. அது ஊராட்சிக்கு ஒன்று என்று இல்லாமல் ஊருக்கு ஒன்று. எங்கள் குக்கிராமத்துக்கே தனிச் சபை. வயதுவந்தவர் எல்லாரும் உறுப்பினர். பாதிப் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். யாருடைய நிலம், எது சமூகக் காடு என்ற மனுவை முதலில் பரிசீலித்துத் தீர்மானிப்பதே அந்தச் சபைதான். அந்த முடிவை எடுப்பதில் ஊராட்சித் தலைவருக்கு வேலை இல்லை.

ஒடிசாவில் நியமகிரி மலையில் 2013-ல் சுப்ரீம் கோர்ட்டே இந்த விஷயத்தைக் கிராம சபைகளிடம் விட்டது. 12 சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அங்கே தீர்மானத்துக்குப் பின்னால் வன உரிமைச் சட்டம் நின்றது. சமவெளியில் அந்தப் பலம் இல்லை என்பதுதான் வருத்தம்.

எங்கள் ஆட்கள் சிலர் இந்த இரண்டு சபையையும் குழப்பிக்கொண்டு ஆகஸ்ட் 15 ஊராட்சிக் கூட்டத்தில் வன உரிமை மனுவைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். கோரம் சரியில்லை என்று மேலே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

சென்னைவாசி
அப்படியென்றால் உண்மையான அதிகாரம் மன்றத்துக்குத்தான் என்று சொல்லுங்கள்.

மலைப்பாதை
சில விஷயத்தில் ஆமாம். கேரளாவில் பிளாச்சிமடையில் கோககோலா ஆலைக்கு 2003-ல் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது பெருமாட்டி ஊராட்சி மன்றம். லைசென்ஸ் கொடுப்பது மன்றத்தின் வேலை என்பதால் அந்த மறுப்பு கோர்ட் வரை போய் நின்று வாதாடப்பட்டது. வெளியே மக்கள் போராட்டம் இல்லாமல் மன்றம் அந்த முடிவுக்கு வந்திருக்காது என்பது என் எண்ணம்.

மேற்குத்தெரு
நன்றி ஐயா. சபை உயிரோடு இருக்கிறது என்பது புரிந்தது. ஆனால் குழாய் வரவில்லையே. திட்டத்துக்கு ஒப்புதல் கொடுப்பது சபை என்றால், சபை கேட்காத சாலை எப்படி வந்தது?

பழைய_ஒன்றியம்
மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, கூட்டம் செல்லுமா. உங்கள் ஊர் 501 முதல் 3,000 வரை என்ற வரிசையில் வருகிறது, 100 பேர் வேண்டும். (500 வரை 50, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300.) 120 பேர் வந்திருக்கிறார்கள், கோரம் சரி.

இரண்டாவது, தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறது. இங்கேதான் பெரும்பாலான ஊர்கள் ஏமாறுகின்றன. நகல் வைத்திருக்கிறீர்களா? அதில் எழுதிய வாக்கியத்தை அப்படியே இங்கே போடுங்கள்.

மேற்குத்தெரு
அன்று போட்டோ எடுத்தேன். "மேற்குத் தெரு பொதுமக்கள் குடிநீர்க் குழாய் அமைத்துத் தருமாறு கோரிக்கை வைத்தனர். நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது." அவ்வளவுதான்.

பழைய_ஒன்றியம்
இது தீர்மானமே இல்லை, கோரிக்கையைக் குறித்து வைத்தது. பரிசீலித்தோம், நிதி இல்லை என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. யார் மீதும் தப்புச் சொல்ல முடியாது.

எப்படி இருக்க வேண்டும் என்றால்: "மேற்குத் தெருவில் பள்ளிக்கூட முனைக் குழாயிலிருந்து மாரியம்மன் கோவில் வரை குடிநீர்க் குழாய் நீட்டிப்புப் பணியை, 15-வது நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பங்கில், ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் முதல் பணியாகச் சேர்க்க இச்சபை ஒப்புதல் அளிக்கிறது." இடம், எந்த நிதி, எந்தத் திட்டத்தில், எத்தனையாவது முன்னுரிமை. நாலும் இருந்தால் அதைத் தள்ளிவிட்டு வேறு வேலை எடுக்க அலுவலர் காரணம் எழுத வேண்டிவரும்.

மூன்றாவது நிதி. 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பணம். 40 சதவீதம் பொது. அந்தச் சிமெண்ட் சாலை அந்த 60-லிருந்து வந்திருக்க முடியாது. பொதுப் பங்கிலோ வேறு திட்டத்திலோ வந்திருக்கும். அப்படியென்றால் சாலை உங்கள் குழாயைத் தின்னவில்லை. குழாய்க்கான பணம் எங்கே போனது என்பது தனிக் கேள்வி, அதைத்தான் கேட்க வேண்டும்.

காலமும் முக்கியம். அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் வேலை அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்கும். மே மாதம் நீங்கள் கேட்கும்போது 2025-26 திட்டம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். eGramSwaraj தளத்தில் உங்கள் ஊராட்சியைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் திட்டத்தில் என்னென்ன பணி இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். சாலை அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மேற்குத்தெரு
பார்த்துவிட்டேன். சாலை இருக்கிறது. அதற்குக் கிராம சபை ஒப்புதல் கொடுத்ததாகவும் இருக்கிறது. போன அக்டோபர் 2 கூட்டத்துக்கு நானே போயிருந்தேன், அப்படி ஒன்றும் யாரும் வாசிக்கவில்லை.

வார்டு_நான்கு
இது எல்லா ஊரிலும் நடக்கிறது. கூட்டத்துக்கு வந்தவுடனே நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். அதே நோட்டின் முன்பக்கத்தில் தீர்மானத்தை அப்புறம் நிதானமாக எழுதிக்கொள்வார்கள். கையெழுத்து உண்மை, எழுதியது சபைக்குத் தெரியாது. எங்கள் மன்றத்திலும் இதே கதைதான், உறுப்பினர்கள் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு நாங்கள் சில பெண்கள் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். கடைசித் தீர்மானத்தை எழுதி முடித்து, ஊராட்சிச் செயலர் எல்லாவற்றையும் உரக்க வாசிக்கும்வரை எழுந்திருக்க மாட்டோம். வாசித்த பிறகு கடைசி வரிக்குக் கீழே இடம் விடாமல் கோடு போட்டு, அதன் கீழ் கையெழுத்து. பக்கத்தைப் போனில் எடுத்துக்கொள்வோம். முதல் தடவை சண்டை வந்தது, இரண்டாவது தடவை பழகிவிட்டது.

பழைய_ஒன்றியம்
நல்ல வழக்கம். மேற்குத்தெரு செய்ய வேண்டியது, அந்த அக்டோபர் 2 தீர்மானப் பதிவேட்டின் நகலையும் வருகைப் பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். பதில் 30 நாளில். தீர்மான எண்கள் வரிசையாக இருக்கின்றனவா, மையும் கையெழுத்தும் நடுவில் மாறுகின்றனவா, வராதவர் பெயரில் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் இல்லாதவர், இறந்தவர் பெயரில் கையெழுத்து இருந்த பதிவேட்டை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதாவது இருந்தால் அந்த ஒப்புதலே ஆட்டம் காணும். புகார் போக வேண்டியது கலெக்டருக்கு, ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான்.

திருமதி_பேரூர்
எங்கள் பேரூராட்சியில் கிராம சபையே நடத்துவதில்லை. நாங்களும் இப்படித் தகவல் உரிமையில் கேட்கலாமா?

பழைய_ஒன்றியம்
பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது அம்மா, அது நகர்ப்புற உள்ளாட்சி. உங்களுக்கு வார்டு கமிட்டியும் பகுதி சபையும் உண்டு, தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கிறது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் பகுதி சபை எப்போது என்று கேளுங்கள்.

இளையவன்_திருச்சி
ஐயா, நீக்கும் விஷயத்தில் நான் சொன்னது தவறாக இருக்கலாம். ஆனால் ஒன்று. திட்டத்துக்குச் சபை ஒப்புதல் தர மறுத்தால் என்ன ஆகும்? கைதூக்கி எல்லாரும் "வேண்டாம்" என்றால்? பணத்தை நிறுத்துவார்களா?

பழைய_ஒன்றியம்
நான் பார்த்தவரை திட்டத்தைத் திருத்தி அடுத்த கூட்டத்தில் வைப்பார்கள், அல்லது மறுத்ததையே எழுத மாட்டார்கள். முழுமையாக மறுத்து அதை அப்படியே பதிவு செய்த ஊரை என் ஒன்றியத்தில் நான் பார்க்கவில்லை.

வார்டு_நான்கு
எனக்கு இதில் அண்ணனோடு முழு உடன்பாடு இல்லை. ஒப்புதல் என்று சட்டத்தில் எழுதிவிட்டால் மறுப்பதும் அதற்குள் அடங்கியதுதான். சபை மறுத்த வேலைக்குத் தனி அலுவலர் பில் போட்டால் அந்தச் செலவைத் தணிக்கையில் எப்படி ஏற்பார்கள்? அந்தத் தணிக்கை அறிக்கையும் மறுபடி அதே சபைக்குத்தானே வரும்? மறுத்துப் பதிவு செய்யும் ஊர் ஒன்று கோர்ட்டுக்குப் போனால்தான் தெரியும்.

பழைய_ஒன்றியம்
போகட்டும், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். தணிக்கை அறிக்கையை மட்டும் யாரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். கூட்டப் பொருளில் அது ஒரு வரியாக இருக்கும், "படித்துப் பதிவு செய்யப்பட்டது" என்று தாண்டிப் போய்விடுவார்கள். மேற்குத்தெரு, ஆகஸ்ட் 15-ல் அந்த வரி வரும்போது எழுந்து நின்று, முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

மேற்குத்தெரு
மனு இன்று தபாலில் போட்டுவிட்டேன். எங்கள் தெருப் பெண்களிடம் கோடு போட்டுக் கையெழுத்துப் போடும் விஷயத்தைச் சொன்னேன், 40 பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கேள்வி மட்டும். ஆகஸ்ட் 15 கூட்டத்துக்குத் தனி அலுவலர் நேரில் வராமல், கூட்டத்தைக் கவனிக்க நியமிக்கும் பற்றாளரை மட்டும் அனுப்பினால், பதிவேட்டில் யார் தலைமை என்று எழுத வேண்டும்? மே 1-ல் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.

பழைய_ஒன்றியம்
காலியாக விட்டிருந்தால் அதையும் போட்டோ எடுத்து வையுங்கள். தலைமை வகித்தவர் பெயர் இல்லாத பதிவேட்டை வைத்துக்கொண்டு அக்டோபர் 2 தீர்மானத்தையும் சேர்த்துக் கேள்வி கேட்கலாம். தனி அலுவலர் எழுத்தில் யாருக்கு அதிகாரம் கொடுத்தார் என்ற உத்தரவின் நகலையும் அதே மனுவில் கேட்டிருக்கலாம். விட்டுப்போயிருந்தால் இன்னொரு 10 ரூபாய் ஸ்டாம்பு ஒட்டித் தனி மனுவாகப் போடுங்கள்.